ஒரே வாய்பாடு, வேறு வேறு சேர்மங்கள்: புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையை வாசிக்கும் முறை

வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி வரும். மூலக்கூறு வாய்பாடு C4H8O2. புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையில் மூன்று சிக்னல்கள்: 1.26-இல் மூன்று ஹைட்ரஜனுக்கான ட்ரிப்ளெட், 2.04-இல் மூன்று ஹைட்ரஜனுக்கான சிங்லெட், 4.12-இல் இரண்டு ஹைட்ரஜனுக்கான குவார்டெட். சேர்மத்தின் கட்டமைப்பை எழுதுக.

எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களும் நெட், கேட் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களும் இதைப் பார்த்தவுடன் எத்தில் அசிட்டேட் என்று எழுதிவிடுவார்கள். விடை சரிதான். இப்போது எண்களைச் சற்றே மாற்றுவோம். வாய்பாடு அதேதான். 1.14-இல் மூன்று ஹைட்ரஜனுக்கு ட்ரிப்ளெட், 2.32-இல் இரண்டு ஹைட்ரஜனுக்குக் குவார்டெட், 3.67-இல் மூன்று ஹைட்ரஜனுக்குச் சிங்லெட். இங்கேயும் ஒரு ட்ரிப்ளெட், ஒரு குவார்டெட், ஒரு சிங்லெட்தான் இருக்கின்றன. எத்தனை ஹைட்ரஜன் என்ற கணக்கும் மாறவில்லை. ஆனால் இது எத்தில் அசிட்டேட் அல்ல, மெத்தில் புரோப்பனோயேட். வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தவறிவிடுவார்.

என்.எம்.ஆர். கேள்விகளில் சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. முற்றிலும் வேறான சேர்மங்களுக்கு இடையே யாரும் குழம்புவதில்லை. கிட்டத்தட்ட ஒரே நிறமாலையைத் தரும் இரண்டு, மூன்று சேர்மங்களில் எது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதை மேலே சொன்ன ஜோடியை வைத்தும், இன்னொரு கடினமான ஜோடியை வைத்தும் பார்ப்போம்.

முதலில், கருவிக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டான் ஒரு நுண்ணிய காந்தம். அதை வலிமையான காந்தப்புலத்தில் வைத்தால், புலத்தோடு ஒத்த திசை, எதிர்த்திசை என்று இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும். சரியான அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையைச் செலுத்தினால் ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவும். 9.4 டெஸ்லா புலத்தில் அந்த அதிர்வெண் ஏறக்குறைய 400 மெகாஹெர்ட்ஸ். ஆய்வகத்தில் '400 மெஷின்' என்று சொல்வது இதைத்தான். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதும் இதே இயற்பியலை வைத்துத்தான்.

எல்லா புரோட்டான்களும் துல்லியமாக ஒரே அதிர்வெண்ணில் தாவினால் வேதியியலாளருக்கு இதனால் ஒரு பயனும் இருந்திருக்காது. அப்படித் தாவுவதில்லை என்பதை ஒரு கரிமச் சேர்மத்தில் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1951-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதைச் செய்த மூவர் ஜேம்ஸ் அர்னால்ட், எஸ்.எஸ். தர்மட்டி, மார்ட்டின் பேக்கார்ட். சாதாரண எத்தில் ஆல்கஹாலை எடுத்துப் பார்த்தபோது ஒரு மேட்டுக்குப் பதிலாக மூன்று மேடுகள் தெரிந்தன. அவற்றின் பரப்புகள் 3:2:1 என்ற விகிதத்தில் இருந்தன. CH3-இன் மூன்று ஹைட்ரஜன், CH2-இன் இரண்டு, OH-இன் ஒன்று என்று மூலக்கூறின் அமைப்பே தாளில் வரைந்ததுபோல் விழுந்திருந்தது. மூவரில் தர்மட்டி இந்தியர். பின்னாளில் பம்பாயில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தத் துறையை நிறுவியவர் அவர்தான். நம் மாணவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த மூன்று மேடுகளிலேயே நாம் இன்று தேர்வில் பயன்படுத்தும் இரண்டு தடயங்கள் இருக்கின்றன: மேடு எங்கே இருக்கிறது, அதன் பரப்பு எவ்வளவு. மூன்றாவது தடயமான பிளவு, கருவிகளின் துல்லியம் கூடிய பிறகு தெரிய வந்தது.

பரப்பிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு சிக்னலின் அடியில் உள்ள பரப்பு, அதைத் தரும் ஹைட்ரஜன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கும். இதையே இன்டெக்ரேஷன் என்கிறோம். பழைய வரைபடங்களில் சிக்னல்களுக்கு மேலே படிக்கட்டுபோல் ஒரு கோடு ஏறிச் செல்லும். ஒவ்வொரு படியின் உயரத்தையும் ஸ்கேலால் அளக்க வேண்டும். இப்போது கணினியே எண்ணாகத் தந்துவிடுகிறது. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மேட்டின் உயரத்தைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. குவார்டெட்டின் நான்கு கோடுகளும் குட்டையாகத்தான் தெரியும். பக்கத்தில் சிங்லெட் ஒற்றைக் கோடாக ஓங்கி நிற்கும். குவார்டெட்டின் நான்கு கோடுகளையும் சேர்த்துப் பரப்பைக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். இரண்டாவது, இன்டெக்ரேஷன் தருவது விகிதம் மட்டுமே. C4H10O என்ற வாய்பாட்டுக்கு ஒரு குவார்டெட்டும் ஒரு ட்ரிப்ளெட்டும் 2:3 என்ற விகிதத்தில் வந்தால், மொத்தம் ஐந்து ஹைட்ரஜன் என்று நின்றுவிடக் கூடாது. வாய்பாட்டில் பத்து இருக்கின்றன. ஆகவே 4:6. ஒரே மாதிரியான இரண்டு எத்தில் தொகுதிகள் ஆக்சிஜனின் இருபுறமும் இருக்கின்றன. அது டைஎத்தில் ஈதர். விகிதம் பாதியாகக் குறைந்து தெரிந்தால் மூலக்கூறில் சமச்சீர் இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது பிளவு. ஒரு புரோட்டானுக்குப் பக்கத்துக் கார்பனில் இருக்கும் புரோட்டான்களும் குட்டிக் காந்தங்கள்தானே. அவை எந்தத் திசையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து இதன்மேல் விழும் புலம் இம்மியளவு கூடும் அல்லது குறையும். எத்தில் தொகுதியின் CH3-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் CH2. அதிலுள்ள இரண்டு புரோட்டான்களை, சுண்டிவிட்ட இரண்டு நாணயங்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் தலையாக விழ ஒரு வழி, ஒன்று தலை ஒன்று பூ என விழ இரண்டு வழி, இரண்டும் பூவாக விழ ஒரு வழி. ஆகவே CH3-இன் சிக்னல் மூன்றாகப் பிளந்து 1:2:1 என்ற உயரத்தில் நிற்கிறது. இது ட்ரிப்ளெட். அதேபோல் CH2-வின் பக்கத்தில் மூன்று புரோட்டான்கள் இருப்பதால் அது 1:3:3:1 என நான்காகப் பிளக்கிறது. அது குவார்டெட். பக்கத்தில் n புரோட்டான்கள் இருந்தால் n+1 கோடுகள் என்று பாடப்புத்தகம் சொல்லும் விதி இந்தக் கணக்குதான்.

இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும்: ஒரு சிக்னல் எத்தனையாகப் பிளந்திருக்கிறது என்பது அண்டை வீட்டில் எத்தனை பேர் என்பதைத்தான் சொல்லும். தன் வீட்டில் எத்தனை பேர் என்பதைச் சொல்லாது. அதற்கு இன்டெக்ரேஷனைத்தான் பார்க்க வேண்டும். ட்ரிப்ளெட் என்றாலே மூன்று ஹைட்ரஜன் என்று எழுதிய விடைத்தாள்கள் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. எத்தில் தொகுதியில் அது தற்செயலாகப் பொருந்திப் போவதால் பிழை வெளியே தெரியாமலே தங்கிவிடுகிறது.

பிளவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது இருபக்கமும் சமமாக இருக்கும். அ என்ற புரோட்டான் ஆ-வை எவ்வளவு பிளக்கிறதோ, அதே அளவு ஆ-வும் அ-வைப் பிளக்கும். அந்த அளவை J என்று குறித்து ஹெர்ட்ஸில் சொல்கிறோம். எத்தில் அசிட்டேட்டை 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் எடுத்தால் குவார்டெட்டின் கோடுகள் 4.146, 4.128, 4.110, 4.092 என்ற இடங்களில் இருக்கும். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே வித்தியாசம் 0.018. அதை 400-ஆல் பெருக்கினால் 7.2 ஹெர்ட்ஸ். ட்ரிப்ளெட்டின் கோடுகள் 1.278, 1.260, 1.242. அங்கேயும் வித்தியாசம் 0.018, அதே 7.2 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒத்துப்போவதால் இவை இரண்டும் ஒன்றையொன்று பிளக்கின்றன, அதாவது இங்கே ஓர் எத்தில் தொகுதி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ட்ரிப்ளெட் ஒன்றும் குவார்டெட் ஒன்றும் இருப்பதை மட்டும் வைத்து எத்தில் என்று முடிவு கட்டாமல், எண்கள் கொடுத்திருந்தால் இந்த J-யை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நம் முதல் ஜோடிக்கு வருவோம். வாய்பாட்டிலிருந்து தெரிவது ஒன்று: C4H8O2-வில் நான்கு கார்பனுக்கு முழுமையாக ஹைட்ரஜன் நிரம்பினால் பத்து இருக்க வேண்டும். இருப்பது எட்டு. இரண்டு குறைவதால் ஓர் இரட்டைப் பிணைப்பு அல்லது ஒரு வளையம் இருக்கிறது. இரண்டு ஆக்சிஜன் இருப்பதால் ஈஸ்டராக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். இன்டெக்ரேஷன் 3, 3, 2 என்கிறது. பிளவு ஓர் எத்தில் தொகுதியும், அக்கம்பக்கத்தில் ஹைட்ரஜன் இல்லாத ஒரு மெத்திலும் இருப்பதாகச் சொல்கிறது. எத்திலையும் மெத்திலையும் ஒரு COO-வின் இருபுறமும் வைக்க இரண்டு வழிகள்தான். எத்தில் ஆக்சிஜன் பக்கம் இருந்தால் எத்தில் அசிட்டேட். மெத்தில் ஆக்சிஜன் பக்கம் இருந்தால் மெத்தில் புரோப்பனோயேட். வாய்பாடு, இன்டெக்ரேஷன், பிளவு மூன்றும் இதுவரைதான் கொண்டுவந்து விடும். இதற்கு மேல் இவற்றைக் கேட்டுப் பயனில்லை.

இங்கேதான் சிக்னலின் இடம், அதாவது கெமிக்கல் ஷிஃப்ட், தேவைப்படுகிறது. புரோட்டானைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் வெளிப்புலத்தைச் சிறிது தடுத்து அதற்கு நிழல் தருகின்றன. பக்கத்தில் ஆக்சிஜன்போல் எலக்ட்ரானை இழுக்கும் அணு இருந்தால் அந்த நிழல் குறைந்துவிடும். சிக்னல் வரைபடத்தில் இடதுபுறம் நகரும். இந்த நகர்வை டெட்ராமெத்தில்சிலேன் என்ற சேர்மத்தின் சிக்னலைப் பூஜ்ஜியமாக வைத்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளக்கிறோம். அதுதான் பி.பி.எம். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் ஒரு பி.பி.எம். என்பது 400 ஹெர்ட்ஸ். எந்தக் கருவியில் எடுத்தாலும் பி.பி.எம். எண் மாறாது என்பதால்தான் ஓர் ஊரில் எடுத்த நிறமாலையை இன்னோர் ஊரில் எடுத்ததோடு ஒப்பிட முடிகிறது.

ஆக்சிஜனோடு நேரடியாகப் பிணைந்த கார்பனின் ஹைட்ரஜன்கள் ஈஸ்டரில் 3.6 முதல் 4.4 வரை வரும். கார்பனைலுக்கு அடுத்த கார்பனின் ஹைட்ரஜன்கள் 2 முதல் 2.5 வரை. இந்த இரண்டு எண்கள் போதும். முதல் நிறமாலையில் குவார்டெட் 4.12-இல் இருக்கிறது, ஆகவே ஆக்சிஜனைத் தொட்டுக்கொண்டிருப்பது CH2. சிங்லெட் 2.04-இல் இருப்பதால் மெத்தில் கார்பனைல் பக்கம். இரண்டாவது நிறமாலையில் இடம் மாறிவிட்டது. சிங்லெட் 3.67-க்குப் போய்விட்டது, குவார்டெட் 2.32-க்கு வந்துவிட்டது. எனவே ஆக்சிஜன் பக்கம் இருப்பது மெத்தில். இரண்டு சேர்மங்களும் எங்கே வேறுபடுகின்றனவோ, அந்த இடத்தைப் பார்க்கும் சிக்னலே முடிவு சொல்கிறது.

இதே வழியில் கடினமான ஒன்றைப் பார்ப்போம். வாய்பாடு C9H10O2. நிறமாலையில் நான்கு சிக்னல்கள். இடங்கள் 7.93, 6.93, 3.86, 2.55. முதல் இரண்டும் டப்ளெட்டுகள், J ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 9 ஹெர்ட்ஸ். மற்ற இரண்டும் சிங்லெட்டுகள். இன்டெக்ரேஷன் படிகளின் உயரம் வரிசையாக 12, 12, 18, 18 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

படிகளைக் கூட்டினால் 60 மில்லிமீட்டர். வாய்பாட்டில் பத்து ஹைட்ரஜன். ஆகவே ஒரு ஹைட்ரஜனுக்கு 6 மில்லிமீட்டர். சிக்னல்கள் 2, 2, 3, 3 ஹைட்ரஜன்களுக்கு உரியவை. ஒன்பது கார்பனுக்கு முழுமையான எண்ணிக்கை இருபது, இருப்பது பத்து. பத்து குறைவதால் ஐந்து இரட்டைப் பிணைப்பு அல்லது வளையக் கணக்கு. 7 முதல் 8 வரையிலான பகுதியில் சிக்னல்கள் இருப்பதால் ஒரு பென்சீன் வளையம் இருக்கிறது. அது நான்கைச் சாப்பிட்டுவிடும். மிச்சம் ஒன்று. அது கார்பனைலாக இருக்க நல்ல வாய்ப்பு.

வளையத்தில் நான்கு ஹைட்ரஜன்கள்தான் உள்ளன. அப்படியென்றால் இரண்டு இடங்களில் வேறு தொகுதிகள் இருக்கின்றன. நான்கு ஹைட்ரஜன்கள் இரண்டிரண்டாக, இரண்டு டப்ளெட்டுகளாக வந்திருப்பதற்குக் காரணம் வளையத்தில் சமச்சீர் இருப்பது. இரண்டு வேறு தொகுதிகள் எதிரெதிரே, அதாவது பாரா நிலையில் இருந்தால்தான் இப்படி வரும். மெட்டா நிலையில் இருந்திருந்தால் நான்கு ஹைட்ரஜன்களும் நான்கு வெவ்வேறு சூழலில் இருக்கும்; அவற்றில் ஒன்று, இரு தொகுதிகளுக்கும் நடுவில் சிக்கி, ஏறக்குறைய சிங்லெட்டாகத் தெரியும். ஆர்த்தோவிலும் நான்கு தனித்தனிச் சிக்னல்கள் வரும். நுணுக்கமாகச் சொன்னால் பாரா வளையத்தின் இந்த டப்ளெட்டுகள் அப்பழுக்கற்ற டப்ளெட்டுகள் அல்ல. உற்றுப் பார்த்தால் அடியில் சிறு கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தேர்வுக்கு அவற்றை டப்ளெட் என்று சொல்வதில் தவறில்லை.

பாரா வளையம் C6H4. அதையும் இரண்டு CH3-களையும் கழித்தால் மிச்சம் ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன். இரண்டு மெத்தில்களும் சிங்லெட்டாக இருப்பதால் இரண்டுக்கும் அண்டையில் ஹைட்ரஜன் இல்லை. ஒன்று 3.86-இல் இருப்பதால் அது OCH3. மற்றது 2.55-இல்.

இங்கே பலர் ஒரே ஒரு கட்டமைப்பை வரைந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள். பொருந்தும் கட்டமைப்புகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, வளையத்தின் ஒரு முனையில் OCH3, மறுமுனையில் COCH3: 4-மெத்தாக்சி அசிட்டோபீனோன். இன்னொன்று, ஒரு முனையில் COOCH3, மறுமுனையில் CH3: மெத்தில் 4-மெத்தில்பென்சோயேட். மூன்றாவதாக, வளையத்தில் CH3-உம் OCOCH3-உம் கொண்ட 4-மெத்தில்பீனைல் அசிட்டேட்டும் இதே வாய்பாடுதான். ஆனால் அதில் ஆக்சிஜனில் பிணைந்த மெத்தில் இல்லை. இரண்டு மெத்தில் சிக்னல்களும் 2.3-ஐ ஒட்டியே வர வேண்டும். நம் நிறமாலையில் 3.86 இருப்பதால் அதை நீக்கிவிடலாம்.

மீதி இரண்டில் எது? முதலில் மெத்தில்களைப் பார்க்கத்தான் மனம் ஓடும். வளையத்தில் உள்ள OCH3 ஏறக்குறைய 3.8-இல் வரும், ஈஸ்டரின் OCH3 பென்சீன் வளையத்தோடு இருக்கும்போது 3.9-இல் வரும். இந்த இடைவெளியை நம்பி விடை எழுத முடியாது. இன்னொரு மெத்தில்? வளையத்தில் நேராக உள்ள CH3 ஏறக்குறைய 2.4, வளையத்தோடு சேர்ந்த அசிட்டைலின் CH3 ஏறக்குறைய 2.6. 2.55 என்ற எண் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது என்பது உண்மை. ஆனாலும் 0.15 வித்தியாசத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு சேர்மங்களும் அழுத்தமாக வேறுபடும் இடம் எது என்று கேட்க வேண்டும். அந்த இடம் வளையம்.

மெத்தாக்சி தொகுதியின் ஆக்சிஜன் தன்னிடமுள்ள எலக்ட்ரான் ஜோடியை வளையத்துக்குள் தள்ளுகிறது. அது போய்ச் சேருமிடம் ஆர்த்தோ, பாரா நிலைகள். ஆகவே OCH3-க்குப் பக்கத்து ஹைட்ரஜன்களுக்கு எலக்ட்ரான் நிழல் கூடி, அவை வலதுபுறம் இறங்குகின்றன. கார்பனைல் இதற்கு நேர்மாறாக இழுத்துக்கொள்வதால் அதன் பக்கத்து ஹைட்ரஜன்கள் இடதுபுறம் போகின்றன. பாடப்புத்தகங்களின் பின்னிணைப்பில் இதற்கு அட்டவணை உண்டு. வெறும் பென்சீனின் 7.36-இலிருந்து ஒவ்வொரு தொகுதிக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். மெத்தாக்சி தனக்கு ஆர்த்தோவில் ஏறக்குறைய 0.48 குறைக்கும். அசிட்டைல் தனக்கு மெட்டாவில் 0.14 கூட்டும். 7.36-இல் 0.48-ஐக் கழித்து 0.14-ஐக் கூட்டினால் 7.02. நிறமாலையில் இருப்பது 6.93. இப்போது மற்றச் சேர்மத்துக்கு இதே கணக்கு. வளையத்தின் CH3 தனக்கு ஆர்த்தோவில் 0.20-தான் குறைக்கும். ஈஸ்டர் தனக்கு மெட்டாவில் 0.11 கூட்டும். விடை 7.27. மெத்தில் 4-மெத்தில்பென்சோயேட்டின் உண்மையான நிறமாலையில் அந்த டப்ளெட் 7.24-க்கு அருகில் இருக்கிறது. நம்முடையது 6.93. முடிவு தெளிவு: நம் சேர்மம் 4-மெத்தாக்சி அசிட்டோபீனோன்.

இரண்டிலும் மற்ற டப்ளெட் 7.93-இலேயே வருவதைக் கவனியுங்கள். கீட்டோனாக இருந்தாலும் ஈஸ்டராக இருந்தாலும் கார்பனைலுக்குப் பக்கத்து ஹைட்ரஜன்கள் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. அந்தச் சிக்னலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. கேள்வியில் அகச்சிவப்பு நிறமாலையும் கொடுத்திருந்தால் வேலை இன்னும் எளிது. கார்பனைல் பட்டை இந்தக் கீட்டோனில் 1680-ஐ ஒட்டியும், அந்த ஈஸ்டரில் 1720-ஐ ஒட்டியும் வரும்.

ஆகவே நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது இதுதான். நிறமாலையிலிருந்து கட்டமைப்புக்குப் போய் நின்றுவிடாதீர்கள். பொருந்தக்கூடிய எல்லாக் கட்டமைப்புகளையும் ஓரத்தில் வரைந்து, ஒவ்வொன்றும் என்ன நிறமாலை தர வேண்டும் என்று திரும்பி வாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் விழும் சிக்னல்களை விட்டுவிட்டு, விலகி விழும் சிக்னலைப் பிடியுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வுகளில் இந்த வழி இன்னும் வேகமாக வேலை செய்யும். வரைய வேண்டிய கட்டமைப்புகளை வினாத்தாளே வரைந்து கொடுத்துவிடுகிறது.

பயிற்சிக் கணக்கில் எல்லாச் சிக்னலும் சேர்மத்துக்கே உரியவையாக இருக்கும். உண்மையான தாளில் அப்படியில்லை. மாதிரியைக் கரைக்கப் பயன்படும் CDCl3-இல் சிறிதளவு சாதாரணக் குளோரோஃபார்ம் எப்போதும் இருக்கும். அது 7.26-இல் ஒரு சிங்லெட் தரும். அதை வளையத்தின் ஹைட்ரஜனாக எண்ணினால் இன்டெக்ரேஷன் முழுவதும் குழம்பிவிடும். அதே கரைப்பானில் ஒட்டியிருக்கும் ஈரம் 1.56-இல் தெரியும். ஆய்வகத்தில் சேர்மத்தைத் தூய்மைப்படுத்த எத்தில் அசிட்டேட்டைப் பயன்படுத்திவிட்டுச் சரியாக உலர்த்தாவிட்டால் 4.12, 2.04, 1.26 என்று நாம் முதலில் பார்த்த மூவரும் வந்து நிற்பார்கள். அவை மற்றச் சிக்னல்களோடு முழு எண் விகிதத்தில் பொருந்தாமல் சிறியதாக இருப்பதே அடையாளம்.

OH-இன் ஹைட்ரஜனும் தொல்லை தரும். அது ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால், பொதுவாக அண்டைச் சிக்னலைப் பிளப்பதில்லை, தானும் பிளப்பதில்லை. அது நிற்கும் இடமும் கரைசலின் செறிவைப் பொறுத்து மாறும். அதனால் ஆல்கஹாலில் அதன் இடத்தை மனப்பாடம் செய்து பயனில்லை. குழாயில் ஒரு துளி D2O விட்டுக் குலுக்கி மறுபடி எடுத்தால் அந்தச் சிக்னல் மறைந்துவிடும். கேள்வியில் 'D2O சேர்த்ததும் மறைந்தது' என்று எழுதியிருந்தால் அது OH அல்லது NH என்று நேரடியாகச் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். கார்பாக்சிலிக் அமிலத்தின் ஹைட்ரஜன் மட்டும் 11, 12 என்று வெகுதொலைவில், அகன்ற மேடாக வரும்.

கடைசியாக n+1 விதியின் எல்லை. அண்டையில் உள்ள எல்லா ஹைட்ரஜன்களும் ஒரே J-யோடு பிளக்கும்போதுதான் அந்த விதி செல்லும். C4H6O2 என்ற வாய்பாடுள்ள வினைல் அசிட்டேட்டை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜனில் பிணைந்த CH-க்குப் பக்கத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பின் மறுமுனையில் CH2 இருக்கிறது. விதிப்படி CH ட்ரிப்ளெட்டாக வர வேண்டும். ஆனால் 7.27-இல் அது ஏறக்குறைய சம உயரமுள்ள நான்கு கோடுகளாக வருகிறது. காரணம், அந்த CH2-இன் இரண்டு ஹைட்ரஜன்களும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று CH-இன் ஹைட்ரஜனுக்கு எதிர்ப்பக்கம், டிரான்ஸ் நிலையில் இருக்கிறது. அதோடு J 14 ஹெர்ட்ஸ். மற்றது அதே பக்கம், சிஸ் நிலையில். அதோடு J 6 ஹெர்ட்ஸை ஒட்டி. முதலில் 14-ஆல் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றும் மறுபடி 6-ஆல் இரண்டாகப் பிளப்பதால் நான்கு கோடுகள். 1:3:3:1 உயரம் இல்லாததால் இது குவார்டெட் அல்ல என்று பார்த்தவுடன் தெரியும். இனி 4.88-இலும் 4.57-இலும் உள்ள இரண்டு ஹைட்ரஜன்களில் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். 4.88-இன் கோடுகளை அளந்தால் 14 ஹெர்ட்ஸ் இடைவெளி கிடைக்கும், அது டிரான்ஸ். 4.57-இல் கிடைப்பது 6, அது சிஸ். இரண்டிலும் கூடுதலாகத் தெரியும் 1.5 ஹெர்ட்ஸ் சிறு பிளவு, ஒரே கார்பனில் இருக்கும் அந்த இரண்டு ஹைட்ரஜன்களும் ஒன்றையொன்று பிளப்பது. அசிட்டைலின் மெத்தில் மட்டும் 2.13-இல் பிளவின்றிச் சிங்லெட்டாக நிற்கும்.